முண்டாசுக்கு ஓர் அளவு, கோட்டுக்கு ஓர் அளவு: குழந்தையின் படத்தில் பாரதி வேடம் பொருத்துவது எப்படி

டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். அதை ஒட்டி மாறுவேட நிகழ்ச்சி வைக்கும் பள்ளிகளில், வகுப்புப் பலகையில் ஒட்ட வேடமணிந்த படம் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள். வாடகை உடையோ நிகழ்ச்சிக்கு முதல் நாள்தான் கைக்கு வரும். அதனால் குழந்தையின் படத்தைத் தனியாகவும் உடையின் படத்தைத் தனியாகவும் வைத்துக்கொண்டு கணினியில் ஒன்றாக்கும் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது. பாஸ்போர்ட் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடும் ஸ்டூடியோக்காரர்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. ஆனால் அங்கே பெரியவர் உடம்பில் பெரியவர் கோட்டு. குழந்தை என்று வரும்போது அளவிலும் வெளிச்சத்திலும் வேறு கணக்கு போட வேண்டும்.

ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு வெள்ளை முண்டாசும் கருப்புக் கோட்டும் மாட்டுவதை எடுத்துக்கொள்வோம். Photoshop இருந்தால் சரி. இல்லாதவர்கள் உலாவியிலேயே திறக்கும் Photopea-வைப் பயன்படுத்தலாம். இலவசம். படம் நம் கணினியிலேயே இருந்தபடி திருத்தப்படுகிறது, அவர்கள் சர்வருக்குப் போவதில்லை. குழந்தையின் படம் என்பதால் இதைக் கவனித்துத்தான் இந்தப் பெயரைச் சொல்கிறேன்.

முதலில் குழந்தையின் படம்

பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும்.

பையனுக்கு ஒரு வெள்ளைக் கை வைக்காத பனியன் போட்டுவிடுங்கள். இதற்கு மூன்று காரணங்கள். கழுத்து முழுதாகத் தெரியும். தோள் எங்கே முடிகிறது என்று அளக்க முடியும். மூன்றாவது காரணம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது வரும். பனியனின் முழுப் பயனும் அங்கேதான். காலர் வைத்த சட்டையோ பெரிய டி-ஷர்ட்டோ வேண்டாம். கோட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் துணியை அழிப்பது தனி வேலை.

டிசம்பரில் சென்னையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போகும். தெற்கு பார்த்த பால்கனியில் நேர் வெயில் விழுந்து மூக்குக்குக் கீழே கத்தியால் கீறியது போல் நிழல் வரும். வடக்கு பார்த்த பால்கனியோ ஜன்னலோ இருந்தால் அங்கே நிறுத்துங்கள். மழை மேகம் போட்டிருந்தால் எந்தப் பக்கமானாலும் பரவாயில்லை. ஜன்னல் பையனுக்கு ஒரு பக்கமாக இருக்கட்டும். நம் படத்தில் இடது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஹாலின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சை ஓடியும் வரும். பக்கத்துச் சுவருக்கு அடர்த்தியாக வர்ணம் அடித்திருந்தால் அந்த நிறமும் முகத்தில் ஏறும். கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

போனை நம் உயரத்தில் பிடித்து எடுக்கக் கூடாது. குனிந்தோ உட்கார்ந்தோ பையனின் தாடை மட்டத்துக்கு இறக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் தோள் சரிந்தும் வரும். அதன்மேல் நேராக எடுத்த கோட்டு ஒருநாளும் உட்காராது. இரண்டு மீட்டராவது தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்னால் போய்விடும்.

மீசையைக் கணினியில் வரையாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் கண் மையால் வரைந்துவிட்டால் வெளிச்சமும் அளவும் தானாகவே சரியாக இருக்கும்.

உடையின் படம்

இணையத்தில் கிடைக்கும் கோட்டுப் படத்தை எடுத்து ஒட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்தக் கோட்டு எந்த வெளிச்சத்தில், எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் பெரியவர் கோட்டாகவும் இருக்கும். வாடகைக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சிறுவர் கோட்டைப் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் படம் எடுப்பது எவ்வளவோ மேல். அதை ஹாங்கரில் தொங்கவிட்டு எடுக்க வேண்டாம். தோள் சரிந்து, மார்பு தட்டையாக விழும். ஏறக்குறைய அதே வயதுள்ள அண்ணனோ அக்காவோ போட்டுக்கொண்டு நிற்கட்டும். தலை எப்படி இருந்தாலும் கவலையில்லை, வெட்டத்தான் போகிறோம்.

அதே ஜன்னல், அதே பக்கம், அதே போன் உயரம், அதே தூரம். உடம்பைப் பையன் திருப்பியிருந்த அளவுக்குத்தான் இவரும் திருப்ப வேண்டும்.

முண்டாசு வேறு கதை. அதைப் பெரியவர் தலையில் கட்டி எடுத்தாலும் ஓடும். மாமாவோ தாத்தாவோ தலையைக் கொடுத்தால் போதும். ஏன் என்பதுதான் அடுத்த பகுதி.

அளவு: இங்கேதான் பலரும் வழுக்குவது

ஒரு அம்மா வீட்டிலேயே செய்துகொண்டு வந்த படத்தைக் காட்டினார். வெட்டியிருந்தது சுத்தம், நிறமும் சுமார். "நல்லாத்தான் இருக்குண்ணா, ஆனா பெரியப்பா கோட்டை எடுத்து மாட்டின மாதிரியே இருக்கு" என்றார். நிஜமாகவே பெரியப்பா கோட்டுதான் அது. சின்னதாக்கித்தான் வைத்திருந்தார், ஆனாலும் பெரியவர் கோட்டாகவே தெரிந்தது.

காரணம் உடம்பின் விகிதம். ஆறு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரியவர் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியிருக்கும். தோள் அப்படி வளர்ந்திருக்காது. தாடையிலிருந்து உச்சி வரை ஒரு தலை என்று கணக்கு வைத்தால், வளர்ந்த ஆணின் தோள் அகலம் இரண்டு தலைக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆறு வயதுப் பையனுக்கு அது சுமார் ஒன்றரைத் தலைதான். ஆகவே பெரியவரின் முண்டாசைக் குழந்தைத் தலையில் வைத்தால் மடிப்புகளின் பருமன்கூடப் பெரிதாக மாறாது. பெரியவர் கோட்டைத் தோளுக்குப் பொருந்தும்படி சுருக்கினால் காலர், பொத்தான், பை எல்லாம் பொம்மை அளவுக்குப் போய்விடும். காலர் கழுத்துக்குப் பொருந்தும்படி சுருக்கினால் தோள் இரண்டு பக்கமும் வழியும். இரண்டில் எதைச் செய்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். சிறுவர் கோட்டு வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

இப்போது கணக்கு. பையனின் படத்தைத் திறந்து, புதிய லேயர் ஒன்றில், அதாவது படத்தின்மேல் கண்ணாடித் தாள் போல் விரியும் அடுக்கில், தோள்முனையிலிருந்து தோள்முனை வரை சிவப்பு நிறத்தில் ஒரு பட்டை வரையுங்கள். பனியன் போட்டிருப்பதால் எலும்பு முடியும் இடம் நன்றாகத் தெரியும். நம் படத்தில் அது 1360 பிக்சல் என்று வையுங்கள். தாடையிலிருந்து உச்சிவரை 900 பிக்சல். ஒன்றரைத் தலை, சரியாக இருக்கிறது. கோட்டுக்குத் தடிமன் உண்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். அதற்காகச் சுமார் 60 பிக்சல் சேர்த்து 1420 என்று கொள்வோம். கோட்டுப் படத்தில் தோள் அகலம் 1700 பிக்சல் இருந்தால், 1420-ஐ 1700-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 83.5 சதவீதம். கோட்டு லேயரை வலது கிளிக் செய்து Convert to Smart Object கொடுத்துவிட்டு, Edit மெனுவில் Free Transform எடுத்து, அகலம் உயரம் இரண்டுக்கும் 83.5% கொடுங்கள். Smart Object ஆக்கிவிட்டால் எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் மங்காது.

முண்டாசுக்கு இந்த 83.5 செல்லாது. அதைத் தலையால் அளக்க வேண்டும். முண்டாசின் கீழ் விளிம்பு உட்காரும் மட்டத்தில், அதாவது புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, தலையின் அகலம் முடியோடு சேர்த்து 690 பிக்சல் என்று வைப்போம். துணி இரண்டு மூன்று சுற்று வருவதால் இரு பக்கமும் ஐம்பது ஐம்பது சேர்த்து 790. மாமா தலையில் கட்டிய முண்டாசு அவர் படத்தில் 1130 பிக்சல் அகலம். 790-ஐ 1130-ஆல் வகுத்தால் 70 சதவீதம். ஆக ஒரே படத்தில் கோட்டுக்கு 83.5, முண்டாசுக்கு 70. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே அளவில் சுருக்குபவர்களுக்கு ஏதாவது ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

கணக்கில் 100-ஐத் தாண்டும் எண் வந்தால் உடைப் படம் சிறியது என்று அர்த்தம். 110, 115 வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் முகம் கூர்மையாகவும் கோட்டு மங்கலாகவும் நிற்கும். உடையை மறுபடி எடுப்பதே வழி.

உட்கார வைப்பது

கோட்டு கழுத்தின் மேல் ஒட்டப்படுவதில்லை. கழுத்து கோட்டுக்குள் இருக்கிறது. அதனால் லேயர்களைக் கீழிருந்து மேலாக இப்படி அடுக்குங்கள்: அடியில் பையனின் முழுப் படம். அதன்மேல் கோட்டுக் காலரின் பின்பகுதி, அதாவது பிடரிக்குப் பின்னால் தெரியும் உள்புறத் துணி. அதன்மேல் பையனின் தலையும் கழுத்தும் மட்டும் வெட்டியெடுத்த நகல். அதன்மேல் கோட்டின் முன்பகுதி. எல்லாவற்றுக்கும் மேல் முண்டாசு.

கோட்டு ஒரே படம்தானே, இரண்டாக எப்படி? அளவு சரிசெய்த பிறகு அந்த லேயருக்கு ஒரு நகல் எடுங்கள். கீழே இருப்பதில் பின் காலர் மட்டும் தெரியும்படியும், மேலே இருப்பதில் பின் காலர் மறையும்படியும் மாஸ்க் போடுங்கள். லேயர் பலகையின் அடியில் மாஸ்க் பொத்தான் இருக்கிறது. கருப்பு பிரஷ் மறைக்கும், வெள்ளை பிரஷ் திரும்பக் கொண்டுவரும். அழிப்பான் எடுத்து அழித்தால் திரும்ப வராது, அதைத் தொடவே வேண்டாம். கோட்டை எடுத்தபோது அணிந்திருந்தவரின் கழுத்து பின் காலரை மறைத்திருக்குமே என்று கேட்டால், ஆமாம். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி, காலரின் உள்பக்கம் தெரிய ஒரு படம் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு துண்டு போதும்.

பையனின் கழுத்து மெலிதாக இருப்பதால் காலருக்கும் கழுத்துக்கும் இடையில் வெற்றிடம் வரும். Edit, Transform, Warp கொடுத்துக் காலர் ஓரத்தை மெதுவாக உள்ளே தள்ளலாம். கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். வாடகைக் கோட்டு நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும். Warp-ஐ அதிகம் இழுத்தால் பொத்தான் நீள்வட்டமாகும். அதை வைத்தே எவ்வளவு இழுத்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முண்டாசு காதின் மேல் நுனியைத் தொட்டுக்கொண்டோ லேசாக அழுத்திக்கொண்டோ இறங்க வேண்டும். காதுக்கு முன்னால் கிருதாப் பக்கம் கொஞ்சம் முடி தெரியட்டும். முழுக்க மறைத்தால் மொட்டைத் தலையில் தொப்பி வைத்த தோற்றம் வரும். முண்டாசுக்கு மேலே முடி துருத்தினால் தலை நகலில் அதை மாஸ்க்கால் மறைத்து, அடிப் படத்தில் பின்னணியைக் கொண்டு Clone Stamp-ஆல் மூடிவிடுங்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

கோட்டுப் படத்தில் வெளிச்சம் வலமாக இருந்துவிட்டால், படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடலாமே என்று கை தானாகப் போகும். ஆண்கள் கோட்டில் அணிந்தவரின் இடது பக்க மடிப்புதான் மேலே வரும், பொத்தான்கள் வலப் பக்கத் துணியில் இருக்கும். திருப்பினால் அது பெண்கள் சட்டைத் தையலாக மாறிவிடும். கோட்டில் இது சிலர் கண்ணில் படாது. வேலு நாச்சியார் வேடத்துக்குப் புடவையைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். அதைப் பாட்டிமார் ஒருவரும் விடமாட்டார்கள். இடது இடுப்பில் தொங்க வேண்டிய வாளுக்கும் அதே கதிதான். திருப்பாமல், அதே ஜன்னலில் மறுபடி எடுங்கள்.

மறுபடி எடுக்க வழியே இல்லை, ஆனால் உடைப் படம் மேகமூட்டத்தில் எடுத்தது போல் மென்மையாக இருக்கிறது என்றால் காப்பாற்றிவிடலாம். கோட்டுக்கு மேல், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் Curves லேயர் ஒன்று போட்டு, கோட்டை மட்டும் பாதிக்கும்படி Clipping Mask ஆக்குங்கள். Curves காட்டும் சாய்வுக் கோட்டின் நடுவைக் கீழே இழுத்துக் கருமையாக்கி, மாஸ்க்கை முழுக்கக் கருப்பாக்கிவிட்டு, பெரிய மென்மையான வெள்ளை பிரஷால் நிழல் பக்கம் மட்டும் தடவுங்கள். வெளிச்சப் பக்கத்துக்கு இன்னொரு Curves, இது மேலே ஏற்றுவது. ஆனால் வெயிலில் எடுத்த உடையில் மடிப்புக்கு மடிப்பு கூரான நிழல் விழுந்திருக்கும். அதை எந்த பிரஷாலும் திசை மாற்ற முடியாது. எப்போதும் மென்மையான வெளிச்சத்தில் உடையை எடுக்கச் சொல்வது இதற்காகவே.

சரி, பனியனுக்கு வருவோம். வெள்ளைப் பனியன் பையனின் மேல், அதே வெளிச்சத்தில் இருந்தது. ஆகவே வெள்ளை முண்டாசு அங்கே எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. கோட்டு லேயரை மறைத்துவிட்டு, Eyedropper எடுத்துப் பனியனின் வெளிச்சப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். நம் படத்தில் 232, 230, 226 என்று வைப்போம். நிழல் பக்கம் 158, 163, 172. நிழலில் மற்ற இரண்டையும்விட நீல எண் கூடியிருப்பதைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் ஒரு பால்கனி இருந்து, அதன் வழியே வானத்தின் நீலம் வந்து விழுந்திருக்கிறது என்று கொள்வோம். முண்டாசு டியூப் லைட்டில் எடுத்ததாக இருந்தால் இரு பக்கமும் 245-க்குப் பக்கத்தில், பச்சை தூக்கலாக இருக்கும். அப்படியே வைத்தால் தலைக்கு மேல் பல்பு எரிவது போல் தெரியும்.

முண்டாசுக்கு ஒரு Curves போட்டு, அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, வெளிச்சப் பக்கம் பனியனின் முதல் எண்களுக்கு அருகில் வரும்வரை நகர்த்துங்கள். நிழல் பக்கத்துக்கு மேலே சொன்னபடி இன்னொரு Curves, மாஸ்க்கோடு. ஐந்து பத்து எண் முன்பின் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நிழல் பக்கம் 200-க்கு மேல் நின்றால் தெரியும்.

கருப்புக் கோட்டுக்குப் பையனின் தலைமுடி அளவுகோல். முடியின் இருண்ட இடம் 25 என்றால் கோட்டின் மடிப்பு ஆழமும் அந்த வாக்கில் இருக்கட்டும். வெளிச்சப் பக்கத் தோள் 50, 60 வரை ஏற வேண்டும். முழுக் கருப்பாக விட்டால் கோட்டு ஓட்டையாகத்தான் தெரியும், துணியாகத் தெரியாது.

தொடும் இடத்து நிழல்

இதைச் செய்யாதவரை எல்லாம் மிதந்துகொண்டுதான் இருக்கும். முண்டாசு நெற்றியில் ஒரு நிழல் போடும், தாடை காலரின்மேல் ஒரு நிழல் போடும், கோட்டின் காலர் கழுத்தில் ஒன்று போடும்.

தலை-கழுத்து லேயருக்கு மேல் புதிய லேயர் வைத்து, கீழே இருப்பதைக் கருமையாக்கும் Multiply முறைக்கு மாற்றுங்கள், Clipping Mask கொடுங்கள். நிழலுக்குக் கருப்பை எடுக்காதீர்கள். பையனின் தாடைக்குக் கீழே இயல்பாக விழுந்திருக்கும் நிழலில் Eyedropper-ஐ வைத்து அந்தச் செம்பழுப்பை எடுங்கள். தோலில் கருப்பு நிழல் போட்டால் கரி பூசியது போல இருக்கும். பிரஷின் அடர்த்தியைப் பத்துப் பதினைந்து சதவீதத்தில் வைத்து இரண்டு நிழல் போடுங்கள்: துணி தோலைத் தொடும் ஓரத்தை ஒட்டி மெல்லியதாக, கொஞ்சம் அழுத்தமாக ஒன்று, அதிலிருந்து கீழே பரவி மங்கும் அகலமான ஒன்று. ஜன்னல் இடது பக்கம் என்பதால் அகலமான நிழல் வலது நெற்றிப் பக்கம் கூடுதலாகச் சாய வேண்டும். இரு பக்கமும் சமமாகப் போட்டால் வெளிச்சத்துக்குப் பார்த்த வேலை வீண்.

அனுப்புவதற்கு முன்

எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் போட்டுப் பாருங்கள். நிறம் போய்விட்டால் வெளிச்ச அளவின் தப்பு மட்டும் தனியாகத் தெரியும். பிறகு அதை அணைத்துவிட்டு Hue/Saturation லேயரில் Saturation-ஐ 60 வரை ஏற்றுங்கள். முண்டாசு ஒரு நிறத்திலும் கண்ணின் வெள்ளை வேறு நிறத்திலும் எகிறினால் Curves-இல் இன்னும் வேலை இருக்கிறது. பார்த்து முடித்ததும் இரண்டு லேயரையும் நீக்கிவிடுங்கள்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி முகத்தையும் கோட்டையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். முகத்தில் பொடி தூவியது போல் புள்ளி இருந்து கோட்டு வழவழவென்று இருந்தால், கோட்டு லேயருக்கு Filter, Noise, Add Noise கொஞ்சமாக, 1 அல்லது 2 சதவீதம். கோட்டின் ஓரம் பிளேடு வைத்து வெட்டியது போல் இருந்தால் மாஸ்க்குக்கு ஒரு பிக்சல் மங்கல் கொடுங்கள்.

ஏ4 அச்சுக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும்; இது அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கு. லேயர்களோடு ஒரு PSD வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பாசிரியர் "கொஞ்சம் பிரைட்டா வேணும்" என்று கேட்டால் உதவும். JPEG-ஐ வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.